பத்துக்கு ஏழு ஜெயித்தவரின் கணக்கு

பங்குச் சந்தையில் கொஞ்ச காலம் புழங்கியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு எண்கள் கட்டாயம் வரும். "எனக்குப் பத்துக்கு ஏழு ஜெயிக்கும்" என்பது ஒன்று. "ஒன்றுக்கு இரண்டு வைத்துத்தான் எடுப்பேன்" என்பது மற்றது. அதாவது தப்பினால் ஒரு ரூபாய் போகும், பலித்தால் இரண்டு ரூபாய் வரும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் உண்மையாக இருந்தால் அவருக்கு வேறு தொழிலே வேண்டாம். நூறு ட்ரேடில் எழுபது ஜெயித்து 140 ரூபாய் வரும், முப்பது தோற்று 30 ரூபாய் போகும். நூறு தடவை ஒவ்வொரு ரூபாயாக வைத்து 110 ரூபாய் மிச்சம். அப்படிச் சம்பாதிக்கும் ஆளை நான் நேரில் பார்த்ததில்லை. இரண்டு எண்ணையும் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் அத்தான் ஒருவர் அந்த வகை. திருநெல்வேலி டவுன் நயினார்குளம் மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம். அந்த வியாபாரம் விடியுமுன்னே தொடங்கிக் காலை ஒன்பதுக்கெல்லாம் ஓய்ந்துவிடும். பங்குச் சந்தை 9:15க்குத் திறக்கிறது. இவருக்காகவே நேரம் குறித்தது போல அமைந்துவிட்டது. நாலு லட்ச ரூபாயைத் தனியாக ஒதுக்கி, முழுப் பணம் கட்டிப் பங்கையே கையில் எடுக்கும் டெலிவரியில் மட்டும் வாங்கி, ஒரு வாரமோ மூன்று வாரமோ வைத்திருந்து விற்கிறார். ஆப்ஷன் பக்கம் போவதில்லை. அந்த மட்டில் புத்திசாலி. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று நிதியாண்டுகளில் நட்டப்பட்டிருக்கிறார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல்.

வருமான வரிக் கணக்குக்காக அவருடைய காகிதங்கள் பாளையங்கோட்டையில் என் மேசைக்கு வரும். அப்படி வந்தபோதுதான் கேட்டார்.

"மாப்ள, பத்துக்கு ஏழு எனக்கு ஜெயிக்கிது. ஒன்னுக்கு ரெண்டு வச்சுத்தான் எடுக்கேன். பொறவு துட்டு எங்கல போவுது?"

நல்ல கேள்வி. பதில் அவர் கையில் வைத்திருந்த கணக்கிலேயே இருந்தது.

எக்ஸ்பெக்டன்சி என்று ட்ரேடர்கள் சொல்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு முறையை அப்படியே திரும்பத் திரும்பச் செய்தால், ஒரு ட்ரேடுக்குச் சராசரியாக எவ்வளவு வரும் அல்லது போகும் என்பதுதான் அது. ஜெயிக்கும் வீதத்தைச் சராசரி லாபத்தால் பெருக்கவேண்டும். தோற்கும் வீதத்தைச் சராசரி நட்டத்தால் பெருக்கி அதிலிருந்து கழிக்கவேண்டும். அவ்வளவுதான். ஆனால் இந்தச் சூத்திரத்தில் போடும் "சராசரி லாபம்" நடந்து முடிந்த ட்ரேடுகளின் சராசரியாக இருக்கவேண்டும். வாங்கும்போது மனதில் வைத்திருந்த டார்கெட்டை அங்கே போடக்கூடாது. அத்தான் சொன்ன எழுபது சதவீதம் நடந்து முடிந்த கணக்கிலிருந்து வந்தது. ஒன்றுக்கு இரண்டு என்பது வாங்கும்போது போட்ட திட்டத்திலிருந்து வந்தது. இந்த இரண்டையும் ஒரே சூத்திரத்தில் சேர்த்தால் வருகிற விடை எந்த ஊர்ப் பாஸ்புக்கிலும் ஏறாது.

அவருடைய கடைசி 40 ட்ரேடுகளை எக்செல்லில் ஏற்றினோம். ஒரு வரிசைக்கு ஒரு ட்ரேடு. வாங்கிய விலை, நட்டத்தை நிறுத்தப் போட்ட ஸ்டாப்லாஸ் விலை, டார்கெட், விற்ற விலை, எண்ணிக்கை, கடைசியாக F என்ற பத்தியில் லாப நட்டம் ரூபாயில். அப்புறம் நான்கே வரிகள்:

```
=COUNTIF(F2:F41,">0")/COUNT(F2:F41)
=AVERAGEIF(F2:F41,">0")
=AVERAGEIF(F2:F41,"<0")
=AVERAGE(F2:F41)
```

முதல் வரிக்கு 0.7 வந்தது. அதாவது 28 ஜெயம், 12 தோல்வி. அத்தான் பொய் சொல்லவில்லை. இரண்டாவது வரியில் சராசரி லாபம் 1,150 ரூபாய். மூன்றாவதில் சராசரி நட்டம் 2,900 ரூபாய். நான்காவது வரி தந்த விடை −65.

அந்த நான்காவது வரியைப் பாருங்கள். வெறும் சராசரிதான் அது. எழுபது சதவீதத்தை 1,150ஆல் பெருக்கினால் 805. முப்பது சதவீதத்தை 2,900ஆல் பெருக்கினால் 870. கழித்தால் அதே −65. எக்ஸ்பெக்டன்சி வேண்டுமென்றால் கடைசிப் பத்தியின் சராசரியே போதும். பிறகு எதற்கு ஜெயிக்கும் வீதம், சராசரி லாபம் என்று பிரிக்கிறோம் என்றால், அந்த −65 எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

சராசரி நட்டம் 2,900, சராசரி லாபம் 1,150 என்னும்போது விகிதம் சுமார் 0.4. ஒன்றுக்கு இரண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தவர் உண்மையில் ஒன்றுக்கு அரைகூட எடுக்கவில்லை. ஒரு விகிதத்தில் நட்டமில்லாமல் தப்பிக்க எத்தனை சதவீதம் ஜெயிக்கவேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. விகிதத்தோடு ஒன்றைக் கூட்டி, ஒன்றை அதனால் வகுத்தால் போதும். விகிதம் 2 என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33.3 சதவீதம். விகிதம் 1 என்றால் பாதி. அத்தானுடைய 0.4க்கு 71 சதவீதத்துக்கும் மேல் வேண்டும். அவருக்கு இருந்தது 70. ஒரு முடி அளவில் தவறியிருக்கிறார். ஆனால் ஜெயித்ததாக நினைவில் இருப்பது ஏழு, தோற்றது மூன்று. மனசு எண்ணிக்கையைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறது, தொகையை வைப்பதில்லை.

சரி, 1,150 எப்படி வந்தது, 2,900 எப்படி வந்தது?

அவருடைய முறை இது. ஒரு ட்ரேடில் 2,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. வாங்கிய விலைக்கு 4 சதவீதம் கீழே ஸ்டாப்லாஸ். 8 சதவீதம் மேலே டார்கெட். 4 சதவீதம் 2,000 ரூபாய் ஆகவேண்டுமென்றால் 50,000 ரூபாய்க்கு வாங்கவேண்டும். வாங்கினார். அதுவரை எல்லாம் சரியாக இருக்கிறது.

தோற்ற 12இல் எட்டு ட்ரேடுகள் சொன்னபடி 2,000 ரூபாயோடு முடிந்திருந்தன. ஒன்று மட்டும் 4,500. அந்தக் கம்பெனியின் காலாண்டு முடிவு சாயங்காலம் வந்திருக்கிறது. மறுநாள் காலை விலை ஸ்டாப்புக்குக் கீழேயே திறந்துவிட்டது. இதற்கு அத்தானைக் குறை சொல்ல முடியாது. ஸ்டாப்லாஸ் என்பது சந்தை திறந்திருக்கும்போது அந்த விலையைக் கடந்தால் விற்கும் ஆர்டர்தான். ராத்திரியில் அதற்கு வேலை இல்லை. குறித்த விலை வந்ததும் தானாக ஆர்டர் அனுப்பும் GTT போட்டு வைத்திருந்தால்கூட அது தூண்டப்பட்டு லிமிட் ஆர்டராகப் போகும், விலை அந்த லிமிட்டுக்கும் கீழே திறந்தால் விற்காமலே நிற்கும். முடிவு வரும் தேதிக்கு முந்தின நாள் வெளியே வந்துவிடுவது ஒரு வழி. இல்லையென்றால் அந்த மாதிரி நட்டமும் சராசரியில் சேரும் என்று ஏற்றுக்கொள்ளவேண்டும்.

மீதி மூன்றும் வேறு கதை. 3,900, 4,600, 5,800. இந்த மூன்றிலும் விலை ஸ்டாப்புக்குப் பக்கத்தில் வந்ததும் ஆர்டரை ரத்து செய்திருக்கிறார். "நல்ல கம்பெனி மாப்ள, திரும்பிரும்னு பாத்தேன்" என்றார். திரும்பவில்லை. 12 தோல்வியில் மூன்று மட்டும் சேர்ந்து 14,300 ரூபாய்.

ஜெயித்த பக்கம் வருவோம். 28இல் டார்கெட்டைத் தொட்டவை ஐந்தே. தலா 4,000, மொத்தம் 20,000. மிச்சம் 23 ட்ரேடுகளும் சேர்ந்து 12,200. ஒன்றுக்கு 530 ரூபாய் போல. ஒரு சதவீதம் மேலே போனதும் "வந்தது போதும்" என்று விற்றிருக்கிறார். எழுபது சதவீத ஜெயம் இங்கேதான் பிறந்தது. சீக்கிரம் விற்றால் ஜெயம் என்று எழுதிக்கொள்ளும் ட்ரேடுகள் கூடும், ஒவ்வொன்றிலும் கிடைப்பது குறையும். இரண்டு எண்ணும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. ஒன்றை இழுத்தால் மற்றது வரும்.

இந்த இடத்தில் யாரைக் கேட்டாலும் வைத்தியம் ஒன்றுதான். "லாபத்தை ஓடவிடு, நட்டத்தை வெட்டு." நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கணக்கு கையில் இருக்கும்போது எதற்கு வாயால் சொல்லவேண்டும்? சீக்கிரம் விற்ற 23 ட்ரேடுகளையும் சார்ட்டில் திரும்பப் பார்த்தோம். விற்காமல் இருந்திருந்தால் ஸ்டாப் முதலில் வந்திருக்குமா, டார்கெட் முதலில் வந்திருக்குமா என்பதுதான் கேள்வி. இப்படித் திரும்பப் பார்க்கும்போது ஒரு நேர்மை வேண்டும். ஒரே நாள் கேண்டிலில் ஸ்டாப்பும் டார்கெட்டும் இரண்டும் பட்டிருந்தால், எது முதலில் பட்டது என்று நாள் சார்ட்டில் தெரியாது. அப்போது ஸ்டாப்தான் பட்டது என்று எழுதவேண்டும். நமக்குச் சாதகமாக எழுதினால் அந்தப் பயிற்சியே வீண்.

23இல் ஒன்பது டார்கெட்டைத் தொட்டிருக்கும். பதினான்கு திரும்பி வந்து ஸ்டாப்பில் முடிந்திருக்கும்.

இதை ரூபாயில் பாருங்கள். ஒன்பதுக்குத் தலா 4,000 என்றால் 36,000. பதினான்குக்குத் தலா 2,000 போனால் 28,000. மிச்சம் 8,000. அத்தான் அவசரப்பட்டு விற்று எடுத்தது 12,200. எல்லோரும் திட்டுகிற அந்த அவசரம், இந்த 40 ட்ரேடில், 4,200 ரூபாய் கூடுதலாகத்தான் தந்திருக்கிறது! பழி முழுக்க ரத்து செய்த அந்த மூன்று ஸ்டாப்புகள் மேல்தான். அவை ஒழுங்காக 2,000இல் முடிந்திருந்தால் 6,000தான் போயிருக்கும். 8,300 வெட்டியாகப் போனது.

அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நான் வித்தது சரிதாம்ல?" என்றார். சரி என்று இதை வைத்து எழுதிவிட முடியாது. அதற்குக் காரணம் பின்னால் வருகிறது. ஆனால் தப்பு என்றும் இந்தக் கணக்கு சொல்லவில்லை.

இப்போது முழு முறையையும் விதிப்படி நடத்தியிருந்தால் என்ன என்று கூட்டினோம். 40இல் ஜெயம் பதினான்கு, அதாவது 35 சதவீதம். 56,000 வரவு. தோல்வி இருபத்தாறு. அதில் 25க்குத் தலா 2,000, முடிவு வந்து கீழே திறந்த அந்த ஒன்றுக்கு 4,500. மொத்தம் 54,500. நாற்பது ட்ரேடுக்கும் சேர்த்து மிச்சம் 1,500 ரூபாய். ஒரு ட்ரேடுக்கு 37 ரூபாய் 50 காசு.

ஒரு ட்ரேடுக்கு 2,000 ரூபாயைப் பணயம் வைத்து 37 ரூபாய் 50 காசு. ஒழுக்கம் வந்தால் பணம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

ஏன் இப்படி வருகிறது? ஒரு பங்கு அடுத்து ஏறுமா இறங்குமா என்று உங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாங்குகிறீர்கள். 4 சதவீதம் கீழே ஸ்டாப், 8 சதவீதம் மேலே டார்கெட். விலை ஒரு பக்கமும் சாயாமல் அங்குமிங்கும் அலைந்தால், டார்கெட்டை முதலில் தொடும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஸ்டாப்பை முதலில் தொடும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. தூரத்தில் பாதி இருக்கிற கோடு இரண்டு மடங்கு தடவை படும். டார்கெட்டை 12 சதவீதத்துக்குத் தள்ளினால் நாலில் ஒன்று. 2 சதவீதத்துக்குக் கிட்டே கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு ஜெயிக்கும். மேலே சொன்ன "நட்டமில்லாமல் தப்பிக்க வேண்டிய" சதவீதத்தோடு இதை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றேதான். அதாவது எந்த அறிவும் இல்லாமல் வாங்கினால், நீங்கள் எந்த விகிதத்தைத் தேர்ந்தாலும் ஜெயிக்கும் வீதம் அதற்குத் தகுந்தபடி தன்னைச் சரிசெய்துகொண்டு, எக்ஸ்பெக்டன்சி பூஜ்யத்தில் வந்து நிற்கும்.

இதனால்தான் "ஒன்றுக்கு மூன்று வைத்தால் நாலில் ஒன்று ஜெயித்தாலே போதும்" என்கிற பேச்சில் எனக்குச் சலிப்பு. போதும்தான். நாலில் ஒன்றுக்கு மேலே ஜெயிக்க எது உதவும் என்பதுதான் கேள்வி. விகிதத்தைக் கூட்டுவது அதற்கு உதவாது. வாங்கும் காரணம், வாங்கும் நேரம், எந்தப் பங்கு, அன்றைக்குச் சந்தை மொத்தமாக எந்தப் பக்கம் போகிறது, இவற்றில் ஏதோ ஒன்று அந்த மூன்றில் ஒன்றை நாற்பது சதவீதமாக்கவேண்டும். ஒன்றுக்கு இரண்டில் நாற்பது சதவீதம் ஜெயித்தால் ஒரு ட்ரேடுக்கு ரிஸ்க்கில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். 2,000க்கு 400 ரூபாய். அது நல்ல முறை. அத்தானுடைய 35, கண்ணை மூடி வாங்குகிறவனுடைய 33.3ஐவிடச் சொல்லும்படியாக ஒன்றும் உசரத்தில் இல்லை.

இன்னும் செலவு வரவில்லை.

பல ஆப்களில் லாப நட்டப் பக்கத்தில் கண்ணில் படும் பெரிய எண் செலவைக் கழிக்காதது. செலவு அதே பக்கத்தில் தனி வரியாகவோ, கான்ட்ராக்ட் நோட்டின் அடியிலோ இருக்கும். டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் பங்குப் பரிவர்த்தனை வரி, அதாவது எஸ்டிடி, 0.1 சதவீதம். 50,000 ரூபாய்க்கு வாங்கி விற்றால் அதுவே 100 ரூபாய். வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், 7 ரூபாய் 50 காசு. விற்கும்போது டீமேட் கணக்கிலிருந்து எடுப்பதற்கு டிபி சார்ஜ் என்று ஒன்று. எக்சேஞ்ச் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி என்று சில்லறை. அத்தானுடைய புரோக்கர் டெலிவரிக்குத் தரகு வாங்குவதில்லை. அப்படியும் ஒரு ட்ரேடுக்குச் சுமார் 130 ரூபாய் வந்தது. காய்கறியில் மூட்டைக்கு எவ்வளவு கமிஷன், எவ்வளவு இறக்குக் கூலி என்று பைசா பிசகாமல் சொல்லுகிற மனிதர், இதைக் கவனித்ததே இல்லை.

130ஐக் கழித்தால் அவர் உண்மையில் ஓட்டிய முறை ஒரு ட்ரேடுக்கு −195. நாற்பது ட்ரேடில் 7,800 நட்டம். அதில் 5,200 செலவுதான். துட்டு எங்கே போகிறது என்று கேட்டாரே, மூன்றில் இரண்டு பங்கு அங்கே போயிருக்கிறது. விதிப்படி நடந்திருந்தாலும் 37.50 கழிய ஒரு ட்ரேடுக்கு 92 ரூபாய் 50 காசு நட்டம். அவசரமாக விற்பதையும் வைத்துக்கொண்டு ஸ்டாப்பை மட்டும் மதித்திருந்தால், செலவெல்லாம் போக நாற்பது ட்ரேடுக்கு 500 ரூபாய் லாபம். மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் எல்லாம் பூஜ்யத்தைச் சுற்றித்தான்.

செலவைப் பற்றி இன்னொன்று சொல்லியாகவேண்டும். பெரும்பாலோர் தவறவிடும் இடம் இது. செலவு நீங்கள் வாங்கும் மொத்தத் தொகைக்கு வருகிறது. ரிஸ்க்கோ அந்தத் தொகையில் ஸ்டாப் வரைக்குமான தூரம் மட்டும். ஆகவே ஸ்டாப் எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவுக்குச் செலவு ரிஸ்க்கைத் தின்னும். 4 சதவீத ஸ்டாப்பில் 2,000க்கு 130, அதாவது ஆறரை சதவீதம். "ஸ்டாப்பை ஒரு சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் ஒன்றுக்கு எட்டு கிடைக்குமே" என்று ஒருவர் கணக்குப் போட்டால், அதே 2,000 ரிஸ்க்குக்கு அவர் இரண்டு லட்சத்துக்கு வாங்கவேண்டும். எஸ்டிடி மட்டும் 400. மற்றதையும் சேர்த்தால் 450 போல. ரிஸ்க்கில் இருபது சதவீதத்துக்கு மேல் செலவிலேயே போயிற்று. நாற்பது சதவீதம் ஜெயிக்கும் அந்த நல்ல முறையின் மொத்த மிச்சமும் 400தான் என்பதை நினைத்துப் பாருங்கள். காகிதத்தில் ஒன்றுக்கு எட்டு அழகாக இருக்கும். கான்ட்ராக்ட் நோட்டில் இருக்காது.

எதிர்ப்பக்கம் போனால், ஸ்டாப்பை 8 சதவீதத்துக்குத் தள்ளி 25,000க்கு மட்டும் வாங்கினால் செலவு 70 ரூபாய் சொச்சம். பாதிக்கும் கொஞ்சம் மேல். ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் அதைக் கடக்க ஆகும் காலம் சுமார் நாலு மடங்கு. இரண்டு வாரத்தில் முடிந்தது இரண்டு மாதம் இழுக்கும். வருடத்துக்கு எடுக்கும் ட்ரேடுகள் குறையும். ஒரு ட்ரேடின் எக்ஸ்பெக்டன்சியோடு வருடத்துக்கு எத்தனை ட்ரேடு என்பதையும் பெருக்கித்தான் ஒரு முறையை இன்னொன்றோடு ஒப்பிடவேண்டும்.

வரிக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். இதை மூலதன ஆதாயமாகக் காட்டினால் கட்டிய எஸ்டிடியைச் செலவாகக் கழிக்க முடியாது. தொழில் வருமானமாகக் காட்டினால் கழிக்கலாம். எதில் காட்டுவது என்பது தனிக் கட்டுரை.

இப்போது "பின்னால் வருகிறது" என்று சொன்ன விஷயம். நாற்பது ட்ரேடை வைத்து இவ்வளவு பேசினோம். நாற்பது போதுமா?

போதாது. விதிப்படி நடந்தால் ஒவ்வொரு ட்ரேடும் 4,000 வரும் அல்லது 2,000 போகும். நடுவில் ஒன்றும் கிடையாது. இப்படி ஆட்டம் பெரிதாக இருக்கும்போது நாற்பதின் சராசரி தற்செயலால் மட்டுமே ஒரு ட்ரேடுக்கு 450 ரூபாய் மேலேயோ கீழேயோ போகலாம். கொஞ்சம் தாராளமாக வைத்தால் 900. அப்படியென்றால் −92 என்று நாங்கள் கண்டுபிடித்த எண்ணின் உண்மையான பொருள், இந்த முறை ஒரு ட்ரேடுக்கு −1,000க்கும் +800க்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது என்பதுதான். 35 சதவீதம் என்பது உண்மையில் நாற்பதாகவும் இருக்கலாம், முப்பதாகவும் இருக்கலாம். நாற்பதில் இரண்டே இரண்டு ட்ரேடு இந்தப் பக்கம் விழுந்தால் போதும். அவசரமாக விற்றதால் 4,200 கூடக் கிடைத்தது என்பதும் இதே தராசில்தான் நிற்கிறது. டார்கெட்டைத் தொட்டிருக்கும் என்று எழுதிய ஒன்பது, பத்தாக இருந்திருந்தால் அந்த வித்தியாசமே காணாமல் போயிருக்கும். ஒரு தோல்வி ஜெயமாக மாறினால் 6,000 ரூபாய் மாறுகிறது.

ஒரு ட்ரேடுக்கு 400 ரூபாய் தரும் நல்ல முறையைக்கூடப் பூஜ்யத்திலிருந்து பிரித்து அடையாளம் காண இருநூறு ட்ரேடுக்கு மேல் வேண்டும். நாற்பதுக்கு முறையைக் குறை சொல்வதும் ஒன்றுதான், கொண்டாடுவதும் ஒன்றுதான். அதற்குள் ஆட்கள் முறையை மாற்றிவிடுகிறார்கள். மாற்றினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பாதிப் பேர் வாழ்நாள் முழுக்க முதல் நாற்பதிலேயே இருப்பது இதனால்தான்.

இந்த இருநூறைத் தாண்டுவதும் லேசில்லை. நாற்பது சதவீதம் ஜெயிக்கும் நல்ல முறையில், இருநூறு ட்ரேடுக்குள் ஒரு தடவையாவது எட்டு ஒன்பது தோல்வி அடுத்தடுத்து வருவது சாதாரணம். ஒன்பது தடவை 2,000 என்றால் 18,000. நாலு லட்சத்தில் நாலரை சதவீதம். அத்தானால் தாங்க முடியும். ஒரு ட்ரேடுக்கு 20,000 வைக்கிறவனுக்கு அதே ஒன்பதில் நாலு லட்சத்தில் பாதிக்குப் பக்கம் போய்விடும். முறை ஒன்றுதான், எக்ஸ்பெக்டன்சியும் ஒன்றுதான். இருநூறாவது ட்ரேடு வரை அவன் கடையில் இருப்பானா என்பது வேறு கணக்கு.

சரி, அத்தான் என்ன செய்கிறார்? நான் எதிர்பார்த்தபடி நிறுத்தவில்லை. "நிறுத்துனா பத்து மணிக்கு மேல நான் என்னல செய்ய?" என்கிறார். தொகையைப் பாதியாக்கிக்கொண்டார். முறையை மாற்றவில்லை. தாளில் இரண்டு பத்தி கூடியிருக்கிறது. ஒன்றில் அந்த ட்ரேடின் செலவு, கான்ட்ராக்ட் நோட்டைப் பார்த்து எழுதியது. இன்னொன்றில், தான் விற்றபிறகு ஸ்டாப்பா டார்கெட்டா எது முதலில் பட்டது என்பது. இந்த இரண்டாவது பத்தி இருநூறு வரிசை நிரம்பினால், அவசரப்பட்டு விற்பது நல்லதா கெட்டதா என்பதற்கு அவரிடம் அவருடைய சொந்தப் பதில் இருக்கும். ஸ்டாப்பை ரத்து செய்யும்போது மட்டும் எனக்குப் போன் பண்ணவேண்டும் என்று ஒப்பந்தம். இதுவரை ஒரு தடவை வந்தது. எடுத்தவுடன், "நல்ல கம்பெனி மாப்ள" என்றுதான் ஆரம்பித்தார். "அத்தான், அந்தப் பத்தியில என்ன எழுதப்போறீங்கன்னு மட்டும் சொல்லிட்டு ரத்து பண்ணுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மார்க்கெட்டில் தக்காளி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஸ்டாப் அடித்ததா என்று நான் கேட்கவில்லை, தாளில் வந்திருக்கும்.